"முடியும்" என்று வந்த மெயில்

"ஏதாச்சும் சொல்லோணும்னா இப்பவே சொல்லு பிரியா. வண்டி மூணு நிமிசந்தான் நிக்கும்."

"ஒண்ணுமில்லீங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க."

"நான் அங்கயே இருக்கட்டுமா, இல்ல ஊருப் பக்கம் மாத்திக் கேக்கட்டுமா? நீ என்ன நெனைக்கற?"

"உங்களுக்கு எது தோதோ அப்படியே செய்யுங்க."

பொங்கல் முடிந்த நாலாம் நாள், சேலம் ஜங்ஷனில் நடந்த பேச்சு இது. அறிவழகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினான். தனப்பிரியா கையசைத்தாள். திருச்செங்கோட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல நினைத்ததைச் சங்ககிரி வரை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வார்த்தைகள் சரியாகத்தான் அமைந்தன. அதைக் கேட்க வேண்டியவர்தான் அதற்குள் ரயிலில் வெகுதூரம் போயிருந்தார்.

கல்யாணமாகி நாலு வருஷம். அதில் கணவன் மனைவியாக ஒரே வீட்டில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதம் தேறாது. இருவரும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். லாரி மேல் ஏற்றிய போர்வெல் ரிக் எந்திரம் செய்து விற்கும் கம்பெனி அது. தனப்பிரியாவுக்குச் சங்ககிரி ரோட்டிலுள்ள அலுவலகம். அறிவழகனுக்கு ராய்ப்பூர் சர்வீஸ் சென்டர். இரண்டு வருஷம் என்று சொல்லி அனுப்பியது நாலாகிவிட்டது.

முன்பெல்லாம் முதலாளியிடம் ஒரு வார்த்தை போனில் சொன்னால் போதும், வேலை நடந்துவிடும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சர்வீஸ் பிரிவுக்குப் புனேயிலிருந்து ஒரு ஜெனரல் மேனேஜர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எதுவானாலும் ஆங்கிலத்தில் மெயில் போட வேண்டும் என்றார். வந்த முதல் வாரமே வம்பு கிளம்பியது. ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் காத்தான் அவருக்கு மெயில் எழுதினார். "சார், யூ மஸ்ட் சென்ட் டூ ஹோஸ் டுமாரோ." மேனேஜர் அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஆபீஸ் மேலாளர் சமியுல்லாவின் மேஜைக்கே வந்துவிட்டார். இந்த ஆள் எனக்கு மேலதிகாரியா என்று கேட்டார்.

காத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் ரெண்டு ஹோஸ் பைப்பு அனுப்போணுமுங்கன்னுதானுங்க எழுதுனேன். மரியாதைக்கு என்ன கொறச்சல்?"

"அந்த 'ங்க' எங்க அண்ணே இருக்கு இதுல?" என்றார் சமியுல்லா.

காத்தான் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாயைத் துரத்தும்போதுகூட "போங்க" என்று சொல்லும் ஊர் இது. ஆங்கிலத்தில் அதைக் கொண்டுபோய் ஒட்ட இடமில்லாததால், தங்கமான மனுஷர்கள் எல்லாம் மெயிலில் தாசில்தார் போலத் தெரிந்தார்கள்.

அன்றிலிருந்து, ஜெனரல் மேனேஜருக்குப் போகும் எந்த மெயிலும் தனப்பிரியா பார்த்த பிறகே போக வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அவள் நாமக்கல்லில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். லீவு கேட்டு "கேன் ஐ" என்று வருவதை "மே ஐ" என்று மாற்றுவாள். "கேன் ஐ" தப்பில்லை, பழகினவர்களிடம் யாரும் அப்படித்தான் கேட்பார்கள், பெரியவர்களிடம் எழுத்தில் அனுமதி கேட்கும்போது "மே ஐ" பணிவாக இருக்கும் என்பாள். "யூ மஸ்ட் சென்ட்" என்பது "குட் யூ ப்ளீஸ் சென்ட்" ஆகும். காத்தான் இதை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த மெயிலில், பாறை துளைக்கும் பிட் கேட்டு, "மே யூ சென்ட் டூ பிட்ஸ்" என்று எழுதினார்.

"அண்ணா, இது அவரை ஆசீர்வாதம் பண்ற மாதிரி இருக்குதுங்க. நாம ஒண்ணு செய்யலாமான்னு கேக்கறதுக்குத்தான் 'மே'. அவரைச் செய்யச் சொல்லிக் கேக்கறதுக்கு 'குட் யூ'."

"ஆசீர்வாதம்தான அம்மிணி, இருந்துட்டுப் போகட்டும். அப்பவாச்சும் பிட்டு வருதான்னு பாப்போம்."

ஆனால் அவள் ஒரு தடவை தப்பு செய்திருந்தாள். ஸ்டோர்ஸ்காரர் ஒருவர், ஞாயிறு வேலைக்கு ஆள் உண்டா என்று மேனேஜர் கேட்டதற்கு, "ஐ கேன் ஒர்க் ஆன் சண்டே" என்று எழுதினார். வேறு ஆள் கிடைக்காவிட்டால் தன்னால் முடியும் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. தனப்பிரியா பணிவாக்குகிறேன் என்று அதை "மே ஐ ஒர்க்" என்று திருத்தி அனுப்பிவிட்டாள். ஆசைப்பட்டு அனுமதி கேட்கிறாரே என்று மேனேஜர் சந்தோஷமாக அனுமதி கொடுத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி இல்லாமல் போயிற்று. மனுஷர் இரண்டு மாதம் தனப்பிரியாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எழுதியவருக்குப் போன் போடாமல் ஒரு எழுத்தையும் தொடமாட்டாள். "அண்ணா, இது நீங்க கேக்கறதுங்களா, இல்ல முடியும்னு சொல்றதுங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் திருத்துவாள். ஆபீஸில் அவளை அப்படிச் சொல்லியே கிண்டல் செய்தார்கள். கேண்டீனில் காபி கேட்டால்கூட, "இது கேக்கறதா, சொல்றதா?" என்று இழுப்பார்கள்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை. மேனேஜரிடமிருந்து சர்வீஸ் இன்ஜினியர்கள் இரண்டு பேருக்கு மெயில் போயிருந்தது. திருச்செங்கோட்டிலேயே மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை ஒன்று புதிதாக வருகிறது. ஒருவருக்கு அது. இன்னொருவர் ராய்ப்பூரில் இன்னும் இரண்டு வருஷம் இருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் இருவரும் பதில் எழுத வேண்டும். அந்த இருவரில் ஒருவன் அறிவழகன்.

காலையிலிருந்து தனப்பிரியா இரண்டு தடவை தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டாள். மூன்றே காலுக்கு அவனுடைய மெயில் அவள் பார்வைக்கு வந்தது. இரண்டே வரி. "சார், ஐ கேன் கன்டினியூ இன் ராய்ப்பூர் ஃபார் டூ மோர் இயர்ஸ். யூ கேன் கிவ் திருச்செங்கோடு போஸ்ட் டு அதர் பர்சன்."

இரண்டாவது வரி வழக்கமான கோளாறு. மேனேஜருக்கே இவன் அனுமதி கொடுப்பது போலத் தொனித்தது. வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பாள். முதல் வரியைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. இரண்டு வருஷம். அவன் போன பிறகு கட்டிலின் ஒரு பக்கம் மடித்த துணிகளை அடுக்கி வைக்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்குத் துணி அடுக்க வேண்டும்.

சுட்டி அந்த வரியின் மேல் நின்றது. நாலு வார்த்தையை அழித்து நாலு வார்த்தை போட்டால் போதும். திருச்செங்கோட்டு வேலைக்கு என்னைப் பரிசீலிக்கலாமா என்று ஆகிவிடும். அவன் பெயரில் போகும். தன் ஆங்கிலத்தை நம்பாத அவன், அனுப்பியதைத் திரும்பப் படிக்கக்கூட மாட்டான்.

"என்னம்மா, அரை மணி நேரமா ஒரே மெயிலு?" சமியுல்லா எட்டிப் பார்த்தார். "நாலரைக்கு நான் அனுப்பியாகணும். எழுதினவருக்குப் போன் போட்டியா?"

"இல்லீங்க சார். எங்க ஊட்டுக்காரர் எழுதினதுங்க."

சமியுல்லா திரையைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டோர்ஸ்காரருக்கு ஒரு சட்டம், ஊட்டுக்காரருக்கு ஒரு சட்டமா? போன் போட்டுக் கேளும்மா. கேக்கறாரா, சொல்றாரான்னு." சொல்லிவிட்டு, காபி குடிக்கப் போவதாக அறையை விட்டே போய்விட்டார். அவர் காபி குடிப்பதில்லை என்பது ஆபீஸுக்கே தெரியும்.

அவள் போன் போட்டாள். அந்தப் பக்கம் கம்ப்ரஸர் இரைந்தது.

"இரு, அக்கட்டால வந்தர்றேன்," என்று கத்தினான் அறிவழகன். இரைச்சல் குறைந்தது. "சொல்லு. மெயில் பாத்தியா? 'கேன்' எல்லாத்தையும் 'மே' ஆக்கிட்டயா?"

"இன்னும் தொடலீங்க. ஒண்ணு கேக்கோணும். எல்லாருகிட்டயும் கேக்கறதுதான்." திரையிலிருந்த முதல் வரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அங்கயே இருக்கறேன்னு நீங்க ஆசைப்பட்டுக் கேக்கறீங்களா? இல்ல, இருக்க முடியும்னு சொல்றீங்களா?"



"ஆசையா? இங்க என்னடி ஆசை இருக்குது? மூணு வேளையும் உருளைக்கெழங்கு. முடியும்னுதான் எழுதுனேன். நாலு வருசம் முடிஞ்சுதே, இன்னும் ரெண்டு முடியாதா?"

"முடியுங்கறதுக்காக எழுதீருவீங்களா?"

"வேற எப்படி எழுதறது?" அவன் குரல் மாறியது. "கேட்டா நீ ஏதாச்சும் சொல்றயா? போன தீவாளிக்குக் கேட்டேன். பொங்கலுக்கு ஜங்ஷன்ல வச்சுக் கேட்டேன். உங்க தோது, உங்க தோதுன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? நான் இல்லாத ஊடு உனக்குப் பழகிப் போச்சு போலன்னு நெனச்சேன். அங்க வந்து உனக்கு இடைஞ்சலா நிக்க வேண்டாம்னுதான் அப்படி எழுதுனேன்."

தனப்பிரியா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனை பேருடைய வேண்டுதலை அவள் பதமாக்கி அனுப்பியிருக்கிறாள்! லீவு, ஹோஸ், அட்வான்ஸ், மாமனாரின் ஆபரேஷனுக்கு மூன்று நாள். எதையும் கேட்காமல் விடச் சொன்னதில்லை, எப்படிக் கேட்பது என்றுதான் சொல்லிக்கொடுத்தாள். கேட்டால் கணவனுக்குப் பாரமாகிவிடுமோ என்று தன்னுடையதை மட்டும் நாலு வருஷம் மடித்து வைத்திருந்தாள். அதை மரியாதை என்று நினைத்தாள். அவர் காதில் அது, நீங்கள் வர வேண்டாம் என்று விழுந்திருக்கிறது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐந்து.

"பிரியா? லைன்ல இருக்கறயா?"

"இருக்கறேனுங்க."

"அப்ப அது அப்படியே போகட்டுமா?"

"வேண்டாமுங்க." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். "திருச்செங்கோட்டு வேலையை எனக்குக் குடுங்கன்னு கேளுங்க. எப்படிக் கேக்கறதுன்னு நான் எழுதித் தாரேன். அவரு குடுக்கறாரோ இல்லையோ, அது அப்புறம். நீங்க கேக்கோணும்."

"எனக்காகக் கேக்கச் சொல்றயா?"

"இல்லீங்க," என்றாள் தனப்பிரியா. "எனக்காக. நீங்க என்கூட இருக்கோணும். ஊட்டுக்கு வந்துருங்க."