பிறைக்கு முந்தி வந்த குரல்

அஸர் தொழுதுவிட்டு கமறியா போனை எடுத்தபோது, அஸ்ரியாவின் மாதச் செய்தி வந்து கிடந்தது. மகள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் ஒன்றரை வருடமாகிறது. மாதம் ஒருமுறை எட்டு நிமிடம் பேசி அனுப்புவாள். கற்பிட்டியில் உம்மாவும் வாப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

"வாப்பா, உம்மா, இங்க பிறை கண்டாச்சு. நாளைக்கு நோன்பு" என்றாள் அஸ்ரியா.

வாப்பா முத்தலிபுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டாம் தரமும் கேட்டுவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குக் கிளம்பினார். கமறியா அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு மணி. பிறை பார்க்கும் நாள் இன்றுதான், ஆனால் பொழுதுபட்டு மஃரிபு ஆக இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தது. மகள் இருக்கும் ஊரில் இன்னும் நண்பகல்கூட ஆகவில்லை. யார் எங்கே பிறை கண்டது?

சந்தேகம் இன்று பிறந்ததல்ல. முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் அழுத்திப் பிடித்துப் பேசுவாள். செய்தியின் பக்கத்தில் அவள் படமும் மைக்கும் இருக்கும். போன மாதமும் இந்த மாதமும் படம் இல்லை, ஹெட்போன் அடையாளம்தான். எங்கோ பதிந்து வைத்த கோப்பு என்று அர்த்தம். இரண்டிலும் பின்னால் ஏதோ ஒன்று ஒரே மாதிரி டிக், டிக் என்றது. வாப்பாவின் கை வெட்டுப்பட்டுத் தையல் போட்டதை இரண்டு கிழமைக்கு முன்பே கமறியா எழுதியிருந்தாள். மகளின் பதில் எழுத்தில் வந்ததே தவிர, குரலில் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன் எடுத்தால் பேசாமல், பரீட்சை என்று எழுதி அனுப்புகிறாள்.

ரகசியமாகக் கலியாணம் முடித்துவிட்டாளா? படிப்பை விட்டுவிட்டாளா? அதற்கும் மேலாக, உயிரோடுதான் இருக்கிறாளா என்று நெஞ்சில் எழுந்தபோது, கமறியா மகளின் அறைத்தோழி பஹ்மிதாவின் இலக்கத்தை அழுத்தினாள். சிலாபத்துப் பிள்ளை, பொய் சொல்லப் பழகாதவள்.

"பஹ்மிதா, இன்டைக்குப் பிறை கண்டது யாரும்மா?"

"மாமி, நான் வேலைக்குப் போக முன்ன அவட போன்ல இருந்து அனுப்பிட்டன். பிறை அறிவிக்கிற நேரம் வீட்டுக்கு வர ஏலாதெண்டு..."

"அப்ப அவ எங்க?"

பஹ்மிதா அழத் தொடங்கினாள். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. தொண்டையில் ஒரு கட்டி. தைரொயிட் ஒப்பரேஷன் முடிந்து ஆறு கிழமை. குரல் கொஞ்ச காலம் போகலாம் என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தாராம். ஆகவே ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் இரண்டு மாதத்துச் செய்தியையும் ஒரே இருப்பில் பதிந்து, அனுப்பும் வேலையைப் பஹ்மிதாவிடம் விட்டாள். எதிரொலி வராமல் அலுமாரிக்குள் குளிர்ச்சட்டைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு பேசினாளாம். பேச வேண்டியதை எழுதி வைத்திருந்த தாள் சரசரக்காமல் இருக்க ஒவ்வொரு பக்கத்தையும் பஹ்மிதா பிடித்துக் காட்டினாளாம். டிக், டிக் என்றது அறைச் சூடாக்கி.

நம்ப மாட்டேன் என்றாள் கமறியா. பஹ்மிதா அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினாள். அஸ்ரியாவின் கையெழுத்துதான்.

'ஸலாம். மாதத்தைச் சொல், தேதி சொல்லாதே. குளிர் பற்றி இரண்டு வசனம். உம்மாவிடம் சாப்பாடு பற்றிக் கேள். பதிலுக்கு மூன்று எண்ணும் வரை நிறுத்து. இங்கே சிரி. வாப்பாவுக்கு மெதுவாக, போனைச் சற்றுத் தள்ளிப் பிடி. அ: பிறை கண்டாச்சு. ஆ: பிறை காணல்ல, நோன்பு நாளண்டைக்கு.' அடியில் சிவப்பு மையில்: 'பள்ளிவாசல் அறிவித்த பிறகு ஒன்றை மட்டும் அனுப்பு.'

சிரி என்று எழுதிய இடத்தை கமறியா விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சற்றுமுன் அந்தச் சிரிப்புக்கு அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

வீடியோவில் வரச் சொன்னாள். கால் மணித்தியாலம் கழித்து அஸ்ரியா வந்தாள். முகம் மெலிந்திருந்தது. உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது.

"கழுத்துத் துணிய எடு."

எடுத்தாள். குறுக்கே சிவந்த கோடு.

"கட்டி கெட்டதில்லையாம், உம்மா" என்று கரகரத்த காற்றில் சொன்னாள். "பேப்பர் இரிக்கி."

"நீ எழுதின பேப்பரா?"

மகள் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்தாள். அதை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும்படி கமறியா சொன்னாள், இரண்டும் ஒரே சட்டத்தில் தெரிய வேண்டும் என்று. பெயர், பிறந்த தேதி, கீழே முடிவு. ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லையும் எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தாள்.

"இனி எழுதிப் பேசாத. பேச ஏலாட்டி சும்மா இரு. ஆனா ஒவ்வொரு நாளும் முகத்தக் காட்டு."

வாசலில் முத்தலிபு மண்வெட்டியைச் சாத்தும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர், போனில் யார் என்று கேட்டார்.

"மகள்தான்" என்று போனை அவர் பக்கம் திருப்பினாள் கமறியா. "குரல் இல்ல. ஆள் அவதான், நான் பாத்துட்டன்."