முதல் நடையும் கேத மாலையும்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காலையில் விசில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. அன்றைக்கு ஒரு விசில் மட்டும் நிற்காமல் அலறியது. புறக்காவல் நிலையத்தில் இருந்த ஏட்டு காளீஸ்வரி எழுந்து ஓடினாள்.

எம்.ரெட்டியபட்டி போகும் தனியார் மினி பஸ்ஸை மறித்து ஒருவன் நின்றான். ஒரு கையில் பெரிய ரோஜா மாலை, மறு கையில் கருங்கல். டிரைவர் சோலைச்சாமி காலையில் ஓட்டும் முதல் நடைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டித்தான் வண்டியை எடுப்பார். அந்த வண்டியில் முதல் நடையிலேயே சாவு மாலையோடு, கேத வீட்டுக்குப் போக ஏறியவனை, ஆகாதென்று டிரைவர் சொல்ல, கண்டக்டர் முனீஸ்வரன் இறக்கி விட்டுவிட்டான். அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ஆகும்.

"எங்கம்மா செத்துக் கெடக்கு! நாந்தான் கொள்ளி வைக்கணும்! வெயிலுக்கு முன்ன எடுக்கணும்ங்காக!" என்று அவன் கத்தினான். கல் கண்ணாடிக்கு நேராக ஓங்கியிருந்தது. அது கையை விட்டுப் போனால் கேஸ், ஸ்டேஷன். தாய் முகத்தைப் பார்க்க முடியாது.

சுற்றிலும் செல்போன்கள் நீண்டிருந்தன. "புடிச்சுக் கட்டுங்கப்பா" என்றது கூட்டம். ஊரான் வீட்டு நெருப்பில் குளிர்காயக் கூட்டத்துக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

காளீஸ்வரி லத்தியை டீக்கடையில் வைத்தாள். "விசில நிறுத்து. இஞ்சினை ஆஃப் பண்ணச் சொல்லு. ஆளுகளப் பின்வாசல் வழியா இறக்கு. நீ அவன் கண்ணுல படாத." கண்டக்டருக்கு இதைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பின்னால் தள்ளினாள். ஒரு பக்கத்தை மட்டும் திறந்தே விட்டாள். போக வழியில்லாதவன் எதிரே இருப்பவர் மேல்தான் பாய்வான்.

மூன்று நான்கு கை தூரத்தில், அவனுக்கு நேரெதிரே நிற்காமல் சற்றே ஒதுங்கி நின்றாள். வெறுங்கைகள் அவனுக்குத் தெரியும்படி இருந்தன.

"எம்பேரு காளீஸ்வரி. ஒம்பேரென்ன தம்பி?"

மறுபடி, இன்னும் மெதுவாகக் கேட்டாள்.

"வீரபத்திரன்."

"வீரபத்திரா, அம்மா எறந்த அன்னைக்கு வண்டிய விட்டு இறக்கினா யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்."

"அந்த டிரைவரை இறங்கச் சொல்லு!" கல் இப்போது அவள் பக்கம் திரும்பியது.

காளீஸ்வரி ஓரடி பின்னால் நகர்ந்தாள். கூட்டத்தில் சிரிப்பு. "ஏட்டம்மாவே பயந்துட்டாக!" அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் நகர்ந்த இடத்திலேயே நின்றாள். அந்த ஓரடி கிடைத்ததும் அவன் தோள் சற்றே இறங்கியதை அவள் பார்த்தாள்.

"டிரைவர்கிட்ட நான் பெறகு கேக்குறேன். இப்ப நீ போய்ச் சேரணும். ஆட்டோவுல போவமா, ஸ்டேஷன் வண்டியக் கூப்பிடவா? ரெண்டுக்கும் நான் கூட வாரேன். கல்லக் கீழ வச்சாத்தான் கிளம்ப முடியும்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசாமல் நிற்பது அவளுக்குப் பழக்கம்தான். புருஷன் இறந்து போனதிலிருந்து பாளையம்பட்டி வாடகை வீட்டில் அவளோடு பேச டிவி மட்டும்தான்.

"ஆட்டோ" என்றான். கல்லைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே குத்தவைத்து அழுதான். அவள் தொடவில்லை. "தண்ணி வேணுமா, டீ வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆட்டோவில் அவன் சம்மதத்தோடு போனை வாங்கி ஊர்க்காரரிடம் பேசினாள். "மகன் வந்துக்கிட்டிருக்கான். எடுத்துறாதீக." அவன் திருப்பூரில் லோடு ஏற்றுகிறானாம். அக்கா தங்கை கிடையாது. கல்யாணமும் ஆகவில்லை. அம்மா ஒருத்திதான். கருவேலங்காட்டைப் பார்த்தபடி கேட்டான்: "எல்லாம் முடிஞ்சா முடிஞ்சதுன்னு போன் போட்டுச் சொல்ல எனக்கு ஆளில்ல. ஒங்களுக்குப் போடவாக்கா?"

அவள் நம்பரைச் சொன்னாள்.

ஊர் முனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. எடுக்கவில்லை, காத்திருந்தார்கள். மாலையோடு அவன் ஓடினான். அவள் அதே ஆட்டோவில் திரும்பினாள். சோலைச்சாமியிடம் கேட்டதற்கு, "வண்டிக்கு ஆகாதும்மா" என்றார். "அப்ப உங்க வீட்டுக் கேதத்துக்கு நடந்தா போவீக?" என்றாள்.

பொழுது சாய, வீட்டில் உலைக்கு அரிசி போடலாமா வேண்டாமா என்று அவள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"முடிஞ்சிருச்சுக்கா."

"சாப்பிட்டியாப்பா?"

"இப்பத்தான் பக்கத்து வீட்டுல சோறு குடுத்தாக. நீங்க சாப்பிட்டீகளாக்கா?" என்றான்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உலையைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாராவது கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. "இருக்கீகளாக்கா?" என்றான் அவன்.

"இருக்கேன்ப்பா" என்றாள்.