படித்திருந்தால் ஒரு டிக்

நடந்தவற்றுக்கு வருந்துகிறேன் என்று எழுதியாயிற்று, எழுதிய கையோடு அடித்தும் ஆயிற்று, நடந்தவை என்றால் என்ன, மழை பெய்தது மாதிரி தானாகவா நடந்தது, பெரிய மனுஷன் எழுதுகிற எழுத்தைப் பார்... மேனேஜர் மூன்றாவது தாளை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் சுவர்க்கடிகாரமும் அவரும்தான், மனைவி மகள் வீட்டுக்குப் போய் ஏழு வாரம், பேத்தி பிறந்த சாக்கு, சாக்குதானா, சரி அது வேறு கதை. நான் உங்களை வேலையை விட்டு நீக்கினேன். அது தவறு. இப்படித் தொடங்கினால் என்ன? எழுதினார். இரண்டே வாக்கியம். அந்த ஸ்டோர் கீப்பரை வாம்மா போம்மா என்றே கூப்பிட்டுப் பழகிய வாய், இந்த 'உங்களை' தாளில் விறைப்பாக நின்றது. நிற்கட்டும்.

என்ன தவறு என்று சொல்ல வேண்டாமா, மொட்டையாகத் தவறு என்றால்? மருந்துக் கிடங்கின் குளிர் அறை இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலை முள் பதினான்கில் நின்றது. தடுப்பூசிப் பெட்டி அத்தனையும் குப்பைக்கு. சனிக்கிழமை கடைசியாகப் பூட்டியவள் ஸ்டோர் கீப்பர், ஆகவே கதவைச் சரியாக மூடாமல் போனவள் அவள், அவ்வளவுதான் அவர் விசாரணை, ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பதினான்கு பேரை வரிசையாக நிற்க வைத்து, கவனமில்லாதவளுக்கு இங்கே இடமில்லை என்று... அவள் "சார், அந்த நோட்டை ஒரு தடவ"ன்னு ஆரம்பித்தாள். "நோட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், கெளம்பு." நான்கு மாதம் கழித்து முள் மறுபடியும் ஏறியபோது கதவைப் பார்க்க வந்த மெக்கானிக்தான் ரப்பரைப் பிய்த்துக் கையில் காட்டினான். "சார், இது கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. நீங்க மூடினாலும் இந்தக் கதவு மூடாது." அப்புறம்தான் வெப்பநிலை நோட்டைத் திறந்தார். குறிப்பு என்ற கட்டத்தில் அவள் கையெழுத்து, கதவு ரப்பர் கிழிந்துள்ளது, மாற்ற வேண்டும். ஐந்து வாரம், ஐந்து தடவை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பக்கத்தின் அடியில் மேனேஜர் கையெழுத்து, கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து, அவருடையது.

நீங்கள் ஐந்து முறை எழுதினீர்கள், நான் ஐந்து முறையும் படிக்காமல் கையெழுத்திட்டேன், அன்று உங்களைப் பேசவிடவில்லை. எழுதினார். அன்றைக்கு மேலிடத்திலிருந்து போன்மேல் போன்... கை தானாக அடுத்த வரிக்குப் போனது, நிறுத்தினார். போன் வந்தது உண்மைதான். உண்மையாக இருந்தால் மட்டும்? அவளுக்கு அதில் என்ன வந்தது? சப்பைக்கட்டு. உங்கள் மனம் புண்பட்டிருந்தால்... இருந்தாலாம்! படாமல் என்ன செய்யும்? அடித்தார். நல்லவேளை, காலையில் மனைவியிடம் போனில் சொன்னார், இந்த மாதிரி ஒரு கடிதம் எழுதறேன்னு. அவள் சிரித்தாள். "என்கிட்ட மன்னிப்பு கேக்கற மாதிரி எழுதிடாதீங்க." "எப்படிக் கேப்பேன்?" என்றார். "'சரி விடு'ம்பீங்க. விடவேண்டியது நானாம்." குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். அவருக்குச் சுருக்கென்றது, இப்போதும் சுருக்கென்கிறது. மன்னித்துவிடுங்கள் என்று எழுத வைத்திருந்த கடைசி வரியை அதனால்தான் எழுதவில்லை, அது அவளுக்கு இன்னொரு வேலை கொடுப்பது, வேலையை விட்டு அனுப்பியவளுக்கு.

இனி அந்த மருத்துவமனை. இதை எழுத வேண்டுமா? அவளுக்குத் தெரியாதே. நீக்கிய இரண்டாம் மாதம் ஒரு மருத்துவமனையிலிருந்து போன், எங்கள் ஸ்டோருக்கு எடுக்கிறோம், ஆள் எப்படி என்று. "கவனம் பத்தாதுங்க" என்றார், ஒரே வரி, பல் குத்திக்கொண்டே சொன்னார். அந்த வேலை ஏன் கிடைக்கவில்லை என்று அவள் என்னென்ன நினைத்திருப்பாள், பேசியது சரியில்லையோ, வயது கூடிவிட்டதோ... தன்மேலேயே பழி போட்டுக்கொண்டிருப்பாள், ஐயோ. சொன்னால் வெறுப்பாள். வெறுக்கட்டும், அவள் தலையில் கிடக்கிற அந்தப் பழியை யார்தான் இறக்குவது? எழுதினார், தேதியோடு. நேற்று அவர்களைக் கூப்பிட்டு நான் சொன்னது பொய் என்றேன், அந்த இடம் நிரம்பிவிட்டது, அதை என்னால் திருப்பித் தர முடியவில்லை என்பதையும்.

செய்ததைச் சொல்ல வேண்டும், செய்யப்போவதை அல்ல, வாக்குறுதி யாருக்கு வேண்டும். மேலிடத்துக்கு எல்லாவற்றையும் எழுதி, நீக்கிய உத்தரவை ரத்துசெய்த கடிதத்தை வாங்கி வைத்திருந்தார். என் மேல் விசாரணை வரும் என்று எழுதப்போய் விட்டுவிட்டார், பரிதாபம் தேடுகிற வேலை அது. உங்கள் இடம் உங்களுக்கு உண்டு, நீங்கள் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பேச விரும்பினால் என்னிடம் வரவேண்டாம், மேலிடத்து எண் கீழே. நேற்று காலை அதே பதினான்கு பேரை, அதே வரிசையில், அதே இடத்தில் நிற்க வைத்து, தவறு அவங்களுது இல்ல, என்னுது என்று சொன்னதையும் எழுதினார். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. வேன் டிரைவர், "இப்ப சொல்லி என்ன சார்" என்றான், மரியாதையாகத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் மேசையில் யாரும் உட்காரவில்லை. எப்போது உட்கார்ந்தார்கள்? தெரியவில்லை, நேற்றுதான் கவனித்தார்.

முடிந்தது. கையெழுத்து போடும் முன் முதல் வரியிலிருந்து படித்தார், விரல் வைத்து, குழந்தை மாதிரி. நன்றாகத்தான் இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்ததோ, அடியில் ஒரு வரி சேர்த்தார், இதைப் படித்தீர்கள் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அது போதும். அவள் எங்கே போனாலும் காட்ட ஆதாரம் வேண்டுமே என்று எடுத்துவைத்த நோட்டுப் பக்கங்களின் ஜெராக்ஸை மடித்தார், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்தாவதில் கை நின்றது. ரப்பர் கிழிந்துள்ளது என்பதற்குக் கீழே, கட்டத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. சார், இதைப் படித்திருந்தால் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக் போடவும்.

பக்கத்தில் கையெழுத்து இருந்தது. டிக் இல்லை. பத்து நாளாக இந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான் மனுஷன், இதையும் படிக்கவில்லை, தன் குற்றம் எங்கே என்று தேடினானே தவிர அவள் எழுதியதைப் படிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நோட்டு திரும்பி வந்ததும் அவள் முதலில் அந்த இடத்தைத்தானே பார்த்திருப்பாள்? பார்த்துவிட்டு, சனிக்கிழமை வேலைக்கு வந்து, மூடாது என்று தெரிந்த கதவைத் தோள் கொடுத்துத் தள்ளி மூடிவிட்டுப் போயிருப்பாள். பேனா அந்த வெற்றிடத்துக்கு மேலே போய் நின்றது. இப்போது போட்டால் யாருக்காக? எடுத்துவிட்டார். புதுத் தாள் எடுத்து முழுக் கடிதத்தையும் திரும்ப எழுதினார், அந்தக் கடைசி வரி இல்லாமல். உறையை ஒட்டினார். படிப்பாளா மாட்டாளா என்று இனி அவருக்குத் தெரியப்போவதில்லை, அந்த ஐந்து வாரமும் அவள் எப்படி இருந்தாளோ அப்படி.