திருப்பினாலும் சேராத டைல்

எங்கள் பட்டறையில் அடிக்கும் ஒவ்வொரு டைலின் முதுகிலும் என் அப்பாவின் பெயர் பதிந்திருக்கும். தரையில் ஒட்டிய பிறகு யாருக்கும் அது தெரியாது. எங்களுக்குத் தெரியும், அது போதும். வாசல் போர்டில் அவர் பெயர், கீழே என் பெயர். அதற்கும் கீழே தன் பெயர் வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தரையாவது ஒழுங்காக முடியுங்கள், எழுதச் சொல்கிறேன் என்றேன். மகளைக் கொடுத்த இடம்; வாயைத் திறந்தாலே 'நீங்க' போட்டாக வேண்டும்.

டாக்டரம்மா தன் புது ஆஸ்பத்திரிக் கூடத்துக்குச் சிக்குக் கோலம் கேட்டிருந்தார். புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கோடு. நாலு டைல் சேர்ந்தால் ஒரு கோலம். மாப்பிள்ளை வரைய உட்காரவில்லை. ப்ரோக்ராம் எழுத உட்கார்ந்தார்.

"கால்வாசிதான் மாமா நான் போடணும். மிச்சத்தை அதுவே போட்டுக்கும்."

திரையில் நாலு வரிசைப் புள்ளி, அதில் கோலத்தின் கால்வாசி. பொத்தானைத் தட்டினார். கண்ணாடியில் தெரிவது போல அது இடப்பக்கம் விழுந்தது. இன்னொரு தட்டு, மேல்பாதி முழுவதும் கீழே கவிழ்ந்தது. கோடுகள் கச்சிதமாகச் சேர்ந்தன. சேராமல் எங்கே போகும்? கண்ணாடி ஓரத்தில் ஒரு கோடு எங்கே முட்டுகிறதோ, அதன் பிம்பமும் அங்கேதான் முட்டும். அதற்கு மூளை வேண்டாம். அவரோ தானே கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் போலச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் ஒரே படம்தானே, ஒரு அச்சு போதும்" என்று என்னைக் கேட்காமலே அச்சுக்குச் சொல்லி, கூடத்துக்கு வேண்டிய மொத்த டைலையும் அடித்துவிட்டார்.

கொத்தனார் முதல் நாலை ஈரக் கலவையில் வைத்த அன்று நான் போயிருந்தேன். எதிரெதிர் மூலையில் இரண்டு அழகாக உட்கார்ந்தன. மற்ற இரண்டை அவர் இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கோடு எதுவும் பக்கத்துக் கோட்டோடு சேரவில்லை.

"ஐயா, இது அடம் பிடிக்குது."

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "கவுத்துப் போடுங்களேன்."

கொத்தனார் டைலைக் கவிழ்த்து, சொரசொரத்த சிமென்ட் முதுகை அவருக்குக் காட்டினார். "இந்தப் பக்கமா, மாப்பிள்ளை சார்?"

கலவை சுமந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் பெயர் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. எனக்குக் காது சுட்டது.

"மாப்பிள்ளை, வலது கால் செருப்பை எத்தனை சுத்து சுத்தினாலும் அது இடது காலுக்கு ஆகுமா? திரையில நீங்க புரட்டலாம். டைலைச் சுத்தத்தான் முடியும். ரெண்டு தடவை புரட்டினது அரைச்சுத்துக்குச் சமம், அதான் மூலைக்கு மூலை ரெண்டு உட்கார்ந்துச்சு. ஒரு தடவை புரட்டினதுக்கு வேற அச்சு வேணும்."

அவர் முகம் சுண்டியது. அதோடு விட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார்.

"என்ன சார், கோடெல்லாம் அறுந்து நிக்குது?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "கொத்தனார் மாத்திப் போட்டுட்டார் மேடம். நான் சரி பண்ணச் சொல்றேன்."

கொத்தனார் என்னைத்தான் பார்த்தார். எங்கள் டைலுக்கு ஆயுசெல்லாம் மண்டி போட்டவர்.

"அம்மா, அவர் கை சுத்தம்" என்றேன். "எங்க வீட்டுப் படம் தப்பு. எங்க வீட்டுப் பேச்சும் தப்பு. அத்தனையும் திரும்ப எடுத்துக்கறோம். வேற அடிச்சுத் தர்றோம்."

வந்த டைலையெல்லாம் திரும்ப வண்டியேற்றி, எங்கள் வாசலிலேயே போட்டு உடைக்கச் சொன்னேன், தெருவே பார்க்க. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மாப்பிள்ளை மறுபடி எழுதினார். இந்தத் தடவை புரட்டாமல், நடுப்புள்ளியில் கால் கால் சுற்றாகச் சுற்ற வைத்தார். முதலில் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் நின்றன. நடுவிலிருந்து எத்தனை தூரத்தில், எந்தச் சாய்வில் ஒரு ஓரத்தை விட்டுக் கோடு வெளியேறுகிறதோ, அடுத்த ஓரத்தில் அதே தூரத்தில், அதே சாய்வில் உள்ளே நுழைய வேண்டும். அதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. புரிந்ததும் ஒரே அச்சு போதுமானதாக இருந்தது. தரை நன்றாகவே வந்தது. டாக்டரம்மா பாராட்டினார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் மகள் ஆரம்பித்தாள். "அப்பா, தரைதான் சரியாயிடுச்சே. போர்டு?"

"தரை சரியாயிடுச்சும்மா."

"தப்பு யாருக்குத்தான் வரல?"

"தப்புக்காகவா சொல்றேன்? இவர் கொத்தனாரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாரா, கேளு."

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போய் என்ன மாமா சொல்றது அவர்கிட்ட..."

"ரசம் ஊத்திக்குங்க மாப்பிள்ளை" என்றேன்.