ஏ வகுப்பில் பென்சில் செல்

எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் தொள்ளாயிரத்து நாற்பது வகைப் பொருள்கள். எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணுவதற்கு ஆள், நான் ஒருவன். ஆகவே எதையும் எண்ணியதில்லை. போன மாதக் கணக்கில் வரவைக் கூட்டி, செலவைக் கழித்து எழுதிவிடுவேன். ஸ்டோர்கீப்பராகப் பதினோரு வருடம் அப்படித்தான் ஓடியது.

புதிதாக வந்த கண்காணிப்பாளர் ஓடவிடவில்லை. ஒவ்வொரு பொருளும் வருடத்துக்கு எத்தனை செலவாகிறது, ஒன்றின் விலை என்ன, இரண்டையும் பெருக்கு, பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக எழுது என்றார். ஒன்பது நாள் பெருக்கினேன். முதல் தொண்ணூற்றாறு பொருள்களே மொத்தச் செலவில் முக்கால் பங்கை விழுங்கியிருந்தன. அவை ஏ, வாரம் ஒருமுறை எண்ணி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும். அடுத்த நூற்றுத்தொண்ணூறு பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மீதி அறுநூற்றுச் சொச்சம் சி. வருடத்துக்கு ஒருமுறை எண்ணினால் போதும், ஒரு பெட்டி காலியானதும் அடுத்ததற்கு எழுதலாம்.

நான் பூட்டி வைத்துத் தினமும் துடைக்கும் எக்ஸ்ரே குழாய் சி வகுப்பில் விழுந்தது. விலை யானை விலை, ஆனால் அந்த வருடம் ஒன்றுகூடச் செலவாகவில்லை. அவசரத்துக்கு இல்லாமல் போகக்கூடாதவை என்று அதைத் தனிப் பட்டியலில் சேர்த்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

எழுபத்தோராவது இடத்தில், ஊசிக்கும் குளுக்கோஸுக்கும் பக்கத்தில், பென்சில் செல் உட்கார்ந்திருந்தது. வருடத்துக்குப் பதினோராயிரம் செல்.

கண்காணிப்பாளர் ஆஸ்பத்திரியில் செல் போடும் கருவிகளை எண்ணச் சொன்னார். டார்ச், தெர்மாமீட்டர், பிரஷர் கருவி, சுவர்க் கடிகாரம் எல்லாம் சேர்த்து எண்பத்தாறு. அவர் குரலை உயர்த்தவில்லை. அடுத்த பட்டியலிலும் இது ஏ-யில் இருந்தால் விசாரணை வரும், உங்களை மாற்ற வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். விசாரணை வந்தால் முதலில் மாட்டுவது நான்தான். ஏனென்றால் எங்கள் வீட்டு ரிமோட், கடிகாரம், மகளின் ரயில் வண்டி, மாமியார் வீட்டு ரேடியோ எல்லாம் அந்தப் பதினோராயிரத்தில்தான் ஓடின.

பழைய செல் கொடுத்தால்தான் புதிய செல் என்று அறிவித்தேன். மறுநாளே நர்ஸ்கள் பைபையாகக் கொண்டுவந்தார்கள். வீட்டில், அண்ணன் வீட்டில், பக்கத்து வீட்டில் செத்த செல்லெல்லாம் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தது. வாராந்தரக் கணக்கில் செலவு ஒன்றும் குறையவில்லை, கூடியது.

பிறகு புத்தி வந்தது. கொடுக்கும் ஒவ்வொரு செல்லிலும் சிவப்பு நெயில் பாலிஷால் வார்டு எண்ணை எழுதினேன். அந்த எண்ணோடு திரும்பி வந்தால்தான் மாற்று. நெயில் பாலிஷ் மனைவியுடையது. அவளிடம் கேட்காமல் எடுத்தது இன்னொரு தகராறு.

ஊரில் ஒவ்வொரு கடிகாரமாக நின்றது. எங்கள் வீட்டில் நாலு பத்துக்கு நின்றது. மாமியார் போனில், மாப்பிள்ளைக்கு எங்கள்மேல் என்ன கோபம் என்று கேட்டாராம். தெருமுனைக் கடைக்காரர் முதன்முறையாகப் பென்சில் செல் வாங்கி வைத்தார். நல்ல வியாபாரம் என்றார்.

வருடக் கடைசியில் மறுபடி பெருக்கினேன். பென்சில் செல் ஆயிரத்து இருநூறு. இடம் நானூற்றுப் பன்னிரண்டு. சி வகுப்பு. பெருமையாக வீட்டில் சொன்னேன். மனைவி டிவியை அணைத்துவிட்டு, ரிமோட்டைக் கழற்றி இரண்டு செல்லை என் கையில் வைத்தாள்.

"அப்போ இனிமே அதை யாரும் எண்ண மாட்டீங்கதானே?"

"வருஷத்துக்கு ஒரு தடவைதான்."

"அப்ப நாளைக்கு வரும்போது எடுத்துட்டு வாங்க. அம்மாவுக்கு நாலு சேர்த்து."

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதே கணக்கைத்தான் ஒவ்வொரு வார்டிலும் இந்நேரம் போட்டிருப்பார்கள்.

காலையில் பட்டியலை எடுத்து, பென்சில் செல்லை சி-யிலிருந்து அடித்து, ஏ-யின் அடியில் கையால் எழுதினேன். தொண்ணூற்றேழாவது பொருள். காரணம் என்ற இடத்தில், "எண்ணுவதால் மட்டுமே சி" என்று எழுதிக் கண்காணிப்பாளர் முன் வைத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். கணக்குப்படி இது சி, எண்ணுவதை நிறுத்தினால் மறுபடி ஏறும் என்று எப்படிச் சொல்கிறீர்கள், ஆதாரம் இருக்கிறதா என்றார்.

இருந்தது. சொன்னால் என் வேலையே போகலாம்.

"எங்க வீட்டு கடிகாரம் பதினோரு வருஷம் நிக்காம ஓடுச்சு சார். ஒரு செல்கூட நான் கடையில வாங்கினதில்ல."

அவர் பேனாவை மூடினார். சுவரில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, தொண்ணூற்றேழாவது வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை எண்ணும்போது என்னையும் கூப்பிடுங்க" என்றார்.