வளையமிட்ட அளவு

பத்தர்கட்டி பஜாரில் மாப்பிள்ளைகள் போடும் நீளக் கோட்டு, அதுதான் ஷேர்வானி, தைக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. யாகூப் மாஸ்டரின் கடையில் டேப் பிடிப்பவர் மாஸ்டர், மாடியில் உட்கார்ந்து வெட்டுபவர் உபேத், இரண்டு பேருக்கும் நடுவில் எழுதுபவர் சஃப்தர் பாய். மாஸ்டர் ஆளைச் சுற்றி வந்தபடி எண்களை முணுமுணுப்பார். சஃப்தர் அவற்றை ஆர்டர் புத்தகத்தில் பிடித்துக்கொள்வார். நீளம், தோள், கை, மார்பு, வயிறு, இடுப்பு, கழுத்து. எது எது என்று எழுதுவதில்லை, வரிசையே போதும். கால் அங்குலத்துக்கு எண்ணின் பக்கத்தில் ஒரு கோடு, அரைக்கு இரண்டு, முக்காலுக்கு மூன்று. பிறகு அதையே சீட்டில் படியெடுத்து, பெயரும் கொடுக்கவேண்டிய தேதியும் போட்டு, துணியோடு கயிறு கட்டிய கூடையில் வைத்து மாடிக்கு அனுப்புவார். உபேத் வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவருக்குச் சீட்டுதான் ஆள்.

படியெடுப்பது குழந்தைகூடச் செய்யும் வேலை என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கலாம். உடம்பில் எடுத்த அளவு என்றால் எண்ணை அப்படியே எழுத வேண்டும். பழைய உடுப்பைக் கொடுத்து இதே மாதிரி தையுங்கள் என்றால் அது தைத்து முடித்த உடுப்பின் அளவு, அதைச் சுற்றி வளையம் போட வேண்டும். வளையம் இல்லாத எண்ணுக்கு உபேத் மார்பிலும் வயிற்றிலும் நாலு அங்குலம் கூட்டி வெட்டுவார், ஆள் மூச்சு விட வேண்டுமே. வளையம் இருந்தால் கூட்டமாட்டார். இத்தனை வருஷத்தில் சஃப்தரின் வளையம் இடம் மாறி விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

வீட்டில் பெருமைப்பட எதுவும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் நவீத் ஜித்தாவில், வேலைக்குப் போனவன் பல வருஷமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போனில் முகம் காட்டுவான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடுத்த வெள்ளிவரை அந்த வீட்டில் பேசுவதற்குக் குழாய்த் தண்ணீர்தான் உண்டு. சஃப்தர் மதியச் சோற்றைக்கூடக் கடையிலேயே சாப்பிட்டார், பக்கத்தில் மனிதச் சத்தம் இருக்கட்டும் என்று.

நவீதுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணைப் பார்த்தது அவனுடைய மாமி, மண்டபம் பிடித்தது பெண் வீட்டார், அழைப்பிதழ் போனில் வந்தது. சஃப்தருக்கு என்று மிச்சமிருந்தது ஷேர்வானி ஒன்றுதான். அதை யாரும் தன்னிடமிருந்து பிடுங்கிவிடக் கூடாது என்று அவரே முந்திக்கொண்டு மகனிடம் சொல்லிவிட்டார். உன் ஷேர்வானி நம்ம கடையில்தான், அளவை மட்டும் அனுப்பு. நிக்காஹ் மேடையில் மகன் தான் எழுதிய சீட்டின்படி தைத்த உடுப்பில் நிற்க வேண்டும். அந்தக் கல்யாணத்தில் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

நவீத் அங்கிருந்த ஒரு மலையாளித் தையல்காரரிடம் அளவெடுத்து, எண்களைக் குரலில் பேசி அனுப்பினான். சஃப்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். நீளம் 43, தோள் பதினெட்டேகால், கை இருபத்து நாலேமுக்கால், எல்லாம் சரி. மார்பு நாற்பத்து ஒன்றரை என்றபோது பேனா நின்றது. வயிறு 40.

அவன் ஊரைவிட்டுப் போகும்போது எடுத்த அளவு அவருக்கு மனப்பாடம். மார்பு 36, வயிறு 31. ஒட்டடைக் கம்பு மாதிரி இருந்த பையன் அவன். அவருக்குச் சட்டென்று தெளிந்துவிட்டது. அந்த மலையாளி ஏதோ பழைய கோட்டை மேஜையில் விரித்து அளந்திருக்கிறான், இது உடுப்பின் அளவு. முப்பத்தாறோடு நாலு கூட்டினால் நாற்பது, மேலே ஒன்றரை அங்குலம் வெளியூர்ச் சாப்பாடு, வயிற்றில் அது இன்னும் கூடுதலாகத்தானே சேரும். கழுத்து பதினாறரை என்று வந்ததுதான் இடித்தது. அங்கே வெயில், லூசாக வைத்துத் தைப்பார்கள் என்று அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். போனில் முகம் உப்பலாகத் தெரிகிறதே என்றால், போனில் யார் முகம் உப்பவில்லை?

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் மகன் உடம்பு எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். அழகாக, வட்டமாக, மார்புக்கும் வயிற்றுக்கும் வளையம் போட்டுக் கூடையில் வைத்தார்.

நவீத் நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்பு வந்து இறங்கினான். விமான நிலையத்துக்கு மாமி வீட்டுப் பட்டாளமே போயிருந்தது. சஃப்தர் கடையில் ஷேர்வானியை மாட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள் நல்ல அகலமாக இருந்தான். வாடிக்கையாளர் என்று நினைத்து, "வாங்க, உட்காருங்க" என்றார் சஃப்தர்.

"அப்பா, நான்தான்."

கட்டிப்பிடித்தார்கள். பிடித்த கை முதுகில் போய்ச் சேர்வதற்குள்ளேயே சஃப்தருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் வந்து சரியாக நின்றது. முன்பக்கம் மட்டும் சேரவில்லை. யாகூப் மாஸ்டர் இழுத்துப் பார்த்தார், மூச்சை அடக்கச் சொல்லிப் பார்த்தார். சட்டைக்கு மேலே போட்டதில் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. தையலைப் பிரித்து உள்மடிப்பை விட்டாலும் இரண்டு அங்குலம்தான் வரும், நிற்கலாம், உட்கார முடியாது என்றார். நிக்காஹுக்கு உட்கார்ந்துதானே ஆக வேண்டும். புதிதாக வெட்டி, கேன்வாஸ் வைத்து, கையால் காஜா போட நாளும் இல்லை.

மாஸ்டர் சீட்டை எடுத்துப் பார்த்தார். "வளையம் யார் போடச் சொன்னா, சஃப்தர் பாய்?"

"நானேதான்."

"நான் உடம்பளவுதானே அனுப்பினேன், ஏம்ப்பா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான் நவீத். கோபமில்லாமல்தான் கேட்டான். கோபப்பட்டிருந்தால் தேவலை.

சஃப்தர் சொன்னார்: "நீ இவ்வளவு மாறியிருப்பேன்னு நினைக்கல மகனே. எங்கிட்ட இருக்கறது அந்தப் பழைய அளவுதான்."

நவீத் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தான். அடுத்த தெருவில் ரெடிமேடாக நல்லதே கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்கிறேன், இதுக்குப்போய் வருத்தப்படலாமா என்றான். பெரியவர்களைச் சமாதானப்படுத்தப் பழகிய குரல் அது, எங்கே பழகினானோ. சஃப்தர் ரெடிமேடுக்குத் தலையாட்டினார். ஆனாலும் இன்னொன்று தைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மகன் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

மாஸ்டர் டேப்பை எடுத்தார். சஃப்தர் புத்தகத்தின் புதுப் பக்கத்தைப் பிரித்தார். நாற்பத்து மூன்று. பதினெட்டேகால். இருபத்து நாலேமுக்கால். நாற்பத்து ஒன்றரை. நாற்பது. எல்லாம் அவன் போனில் சொன்ன அதே எண்கள், ஒரு கோடுகூட மாறவில்லை. இந்த முறை வளையமில்லாமல் எழுதினார். சீட்டிலும் படியெடுத்தார். மேலே முகம்மது நவீத் என்று முழுப் பெயரையும் எழுதினார்.

"தேதி?" என்றார் மாஸ்டர், எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கிற அதே வாயால்.

சஃப்தர் மகனைப் பார்த்தார். "அடுத்து எப்ப வருவே?"

நவீத் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "சொல்ல முடியலப்பா. கல்யாணத்துக்கே லீவு இழுபறி. இனிமே அவளையும் அங்க கூட்டிட்டுப் போறேன். பார்க்கலாம்."

அவனை அழைத்துப்போக மாமி மகன் வண்டியோடு வந்து ஹார்ன் அடித்தான். மண்டபத்தில் ஏதோ வேலையாம். நவீத் கிளம்பிப் போனான். சஃப்தர் சீட்டைத் துணிக்குள் வைத்துக் கூடையை மேலே அனுப்பினார். சற்று நேரத்தில் கூடை அப்படியே இறங்கிவந்தது. மாடியிலிருந்து உபேத் எட்டிப் பார்த்தார்.

"பாய், தேதி போட மறந்துட்டீங்க. இது எப்ப வேணும்?"

சஃப்தர் சீட்டில் தேதிக்கு விட்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்துக் கூடையை மறுபடி மேலே ஏற்றினார்.

"அவசரமில்ல உபேத். மத்தவங்களுதையெல்லாம் முடிச்சுட்டு வெட்டு."