தோகையின் மீதி

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால். அச்சகத்தின் இரும்புக் கதவு பாதிதான் ஏறியிருந்தது. தையல்காரி குனிந்து உள்ளே வந்தாள். போனில் அனுப்பினால் படம் அமுங்கிவிடும் என்று அச்சகத்தில் சொல்லியிருந்ததால், கல்யாணக் கார்டுக்கான படத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள்.

கணினி முன் இருந்தவளுக்குக் கத்திரி என்று பெயர். படத்தில் எதையும் பிசிறில்லாமல் வெட்டி எடுப்பதால் முதலாளி வைத்தது. அவள் படத்தைத் திறந்தாள். சாம்பல் கல் படிகள். மேலே, கார்டுக்காகவே கல்யாண உடையில் முன்கூட்டி நின்ற மணப்பெண்ணும் மாப்பிள்ளையும். பெண்ணின் வெள்ளைக் கவுனின் தோகை இடது பக்கமாக ஏழு படிகள் இறங்கிக் கிடந்தது. ஓரம் முழுக்க வலைத்துணி, வலை முழுக்கப் பாசிமணி.

"என் தங்கச்சி. தோகை நான் தைச்சது. நாலு மாசம்."

"மாப்பிள்ளையும் நீங்களே தைச்சதா?"

"அவரு ரெடிமேட்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு தையல்காரி அளவு சொல்வதுபோல் சொன்னாள். "கார்டுல என் பேரு வராது. புருஷனை விட்டு வந்தவ பேரு எதுக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்க. கார்டும் அவங்க செலவு. தோகை முழுசா வந்தா எனக்குப் போதும்."

"ஒரு நூல் விடமாட்டேன்க்கா."

சொல்லியிருக்க வேண்டாம்.

முதலில் தானாகத் தேர்ந்தெடுக்கும் கருவியைத் தட்டிப் பார்த்தாள். அது முழங்காலோடு தோகையைத் துண்டித்துவிட்டு, மூன்றாவது படியைத் துணி என்று சேர்த்துக்கொண்டது. வெளிச்சம் பட்ட கல்லும் வெள்ளைத் துணியும் அதற்கு ஒன்றுதான். கையால் ஓரம் வரையும் பென் டூலை எடுத்து, படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துப் போனாள். படி மடியும் இடத்தில் துணியும் மடிந்தது. அங்கெல்லாம் புள்ளிகள் நெருங்கின.

வலைதான் உயிரை வாங்கியது. வெட்டி எடுத்துக் கார்டின் கரும்பச்சையில் வைத்தால், வலைக்குள் இருந்த கல் அழுக்காகத் தெரிந்தது. படத்தின்மேல் மறைப்பு அடுக்கு ஒன்று போட்டாள்; அதில் கறுப்புப் பட்ட இடம் மறையும், சாம்பல் பட்ட இடம் பாதி தெரியும். துணியை அப்படியே விட்டு, கண்ணிகளின்மேல் மட்டும் சாம்பல் தூரிகையால் தீட்டினாள். பச்சை மெல்ல உள்ளே வந்தது. மணி ஒன்றும் போகவில்லை. அன்றைய மதியச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறியது.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "வால் முழுசா வச்சா மூஞ்சி மிளகு சைஸ்ல இருக்கேம்மா. யாரு கல்யாணம்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கணுமா?"

உண்மைதான். கார்டு நெட்டை, படம் அகலம். கத்திரி யோசித்து, ஜோடியைப் பெரிதாக முன்பக்கம் வைத்தாள். தோகையை இடதுபுறம் மடிப்பைத் தாண்டிப் பின்பக்கம் ஓடவிட்டாள். கார்டை விரித்தால் முழுத் தோகை. மூடினால் முன்னே முகம், பின்னே மணி. படிகள் இல்லாத பச்சையில் அது படிப்படியாக இறங்கியது. கீழே லேசாக நிழல் போட்டதும் தரையில் பட்டதுபோல் இருந்தது.

முதலாளி மறுபேச்சில்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்கு மாதிரி அனுப்பினார்.

மறுநாள் மாப்பிள்ளையின் அண்ணன் போனில் வந்தார். முதலாளி ஒலிபெருக்கியில் போட்டார். "முன்பக்கம் பிரமாதம். பின்பக்கம் மண்டபத்துக்கு வழி போடணும். மேப்."

"உள்பக்கம் போடலாமே சார்," என்றாள் கத்திரி.

"உள்ள எங்க சொந்தக்காரங்க பேருக்கே இடம் பத்தல."

"மேப்பைச் சின்னதாக்கி, துணி படாம ஒரு ஓரமா?"

"வழி தெரியாம நிக்கிறவனுக்குத் துணியைக் காட்டி என்னம்மா பண்றது? எழுத்துப் பெருசா இருக்கட்டும். வயசானவங்க வருவாங்க."

போன் வைக்கப்பட்டது. முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மடிப்போட நிறுத்திடு. காசு குடுக்கிறவர் சொல்லிட்டாரு."

"தையல்கார அக்காகிட்ட சொல்லிடலாமா?"

"சொல்லி?"

அவள் மறைப்பின் மீது மடிப்புக் கோடு வரை ஒரு பெட்டி வரைந்து கறுப்பை நிரப்பினாள். ஆறு படிகள் போயின. ஒரு நொடிகூட ஆகவில்லை. போனை இரண்டு முறை கையில் எடுத்தாள், இரண்டு முறையும் கீழே வைத்தாள். மதியத்துக்குள் முழுக் கட்டும் அச்சாகி மடிப்பு இயந்திரத்துக்குப் போய்விட்டது.

நான்கு மணிக்குத் தையல்காரி வந்தாள். தங்கைக்கு முன்னால் தான் பார்த்துவிட வேண்டுமாம். மை வாசனை போகாத ஒரு கார்டை முதலாளி நீட்டிவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டார்.

அவள் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முன்பக்கத்தில் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து இறங்கிய வெள்ளையை விரலால் தொட்டுப் போனாள். முதல் படி. விரல் விளிம்பில் நின்றது. திருப்பினாள். பேருந்து நிறுத்தம், பெட்ரோல் பங்க், அம்புக்குறி.

கார்டை மெதுவாகத் திறந்து பெயர்களுக்கு நடுவே தேடினாள். பிறகு கத்திரியை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"மீதி வேற தாள்ல வருதாம்மா?"